போலிங்குக்கு ஒரு சொல்: நோட்டமா, எட்டிப்பார்வையா?

கடலூர் முதுநகரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பால் சங்கத்தின் கணக்கு நிரலுக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 14 சேகரிப்பு நிலையங்கள் காலையும் மாலையும் பால் ஊற்றியவர்களின் விரிதாளைச் சங்கத்து விண்டோஸ் கணினியில் உள்ள பகிர்வுக் கோப்புறையில் போடுகின்றன. பக்கத்து அறையில் இருக்கும் லினக்ஸ் பெட்டியில் எங்கள் நிரல் ஓடுகிறது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்புறைக்குள் போய்ப் பார்த்து, புதுக் கோப்பு வந்திருந்தால் கணக்கில் ஏற்றும்.

அப்படிப் போய்ப் பார்ப்பதற்குத்தான் பெயர் தேடுகிறேன். 'போலிங்' என்று எழுதியதைப் படித்த செயலாளர் அம்மா, "தேர்தலா தம்பி?" என்று கேட்டார். அகராதியைப் புரட்டினால் அங்கேயும் 'வாக்கெடுப்பு' என்றுதான் இருக்கிறது. 'நோட்டம்' என்று வைக்கலாமா?

வில்லியனூரிலிருந்து

'கண்காணிப்பு' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதிதாக எதற்கு? அதோடு, 5 நிமிடத்துக்கு ஒருதரம் எதற்காகப் போய்ப் பார்க்க வேண்டும்? லினக்ஸில் `inotify` இருக்கிறது. கோப்பு வந்து விழுந்த கணமே அதுவே சொல்லிவிடும். நான் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

லாஸ்பேட்டையிலிருந்து

வில்லியனூர் நண்பர் சொல்வது அவர் இடத்தில் சரி. கோப்புறை அவருடைய லினக்ஸ் கணினியின் வட்டிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். முதுநகர்த் தம்பியின் கோப்புறை இருப்பதோ வேறொரு கணினியில், அதைப் பிணையம் வழியாக மவுண்ட் செய்து பார்க்கிறார். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் அங்கே கோப்பைப் போட்டால் லினக்ஸ் பெட்டியின் கெர்னலுக்கு அது தெரியவே வராது. தன் வழியாக நடந்த மாற்றத்தை மட்டுமே `inotify` சொல்லும். பிழைச்செய்தியும் வராது, சும்மா அமைதியாக இருக்கும். அதனால் அவருக்கு நாமே போய்ப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை.

சொல்லைத் தேடும்போதும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'கண்காணிப்பு' என்பது கண் எடுக்காமல் பார்ப்பது. நாம் செய்வது விட்டுவிட்டுப் பார்ப்பது. 'நோட்ட'த்திலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. திருட வருகிறவன்தான் வீட்டை நோட்டம் விடுவான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு வேலை செய்கிறவர் நடுநடுவே அடுக்களையை எட்டிப் பார்ப்பார் இல்லையா, நிரல் செய்வது அதைத்தான். 'எட்டிப்பார்வை' என்று வைப்போம். இரண்டு பார்வைகளுக்கு நடுவே உள்ள நேரம் 'பார்வை இடைவெளி'. மறுபக்கம் தானாகவே சொல்வதை 'அறிவிப்பு' என்போம்.

கடலூர் முதுநகரிலிருந்து

எட்டிப்பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணா, செயலாளர் அம்மாவுக்கும் சொன்னவுடன் விளங்கிவிட்டது. இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. கோப்பு முழுதாக வந்து சேர்ந்துவிட்ட நிலைக்கு என்ன பெயர்? 'அடங்கல்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து

ஐயா, நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அடங்கல் என்பது கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்குப் பதிவேடு. பால் ஊற்றுகிற விவசாயி எல்லாருக்கும் அது தெரியும். 'அடங்கல் வரவில்லை' என்று திரையில் வந்தால் நேரே கிராம அலுவலகத்துக்குப் போய் நிற்பார். வேண்டாம்.

பகிர்வுக் கோப்புறை என்றதும் ஞாபகம் வருகிறது. என் பேரன் வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுத்தது எனக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது, கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கும் யாராவது வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

வில்லியனூரிலிருந்து

முழுதாக வந்ததா என்று பார்ப்பது சுலபம். அடுத்தடுத்த இரண்டு பார்வையில் கோப்பின் அளவு மாறாமல் இருந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு 'நிலைத்த கோப்பு' என்று பெயர் வைக்கலாம்.

கடலூர் முதுநகரிலிருந்து

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அதனால் 71 பேருக்கு ஒருவேளைப் பால் கணக்கு விட்டுப்போனது.

ஒரு நிலையத்தில் விரிதாளை CSV ஆக எழுதுகிறார்கள். ஆள் ஆளாக ஊற்ற ஊற்ற, அந்தக் கணினி நேராகப் பகிர்வுக் கோப்புறையில் இருக்கும் கோப்பிலேயே வரி சேர்த்துக்கொண்டு போகும். அன்று காலை ஆறே முக்காலுக்கு நல்ல மழை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒருவரும் வரவில்லை. இரண்டு எட்டிப்பார்வையிலும் அளவு ஒன்றாகவே இருந்ததால், நிரல் 141 வரியை ஏற்றிவிட்டு 'முடிந்தது' என்று குறித்துக்கொண்டது. மழை விட்ட பிறகு வந்த 71 பேரை அது திரும்பிப் பார்க்கவே இல்லை. குளிரூட்டும் நிலையத்தில் அளந்த லிட்டரும் எங்கள் மொத்தமும் ஒத்துவராததால்தான் மாலையில் பிடிபட்டது.

கடைசி வரியைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது:

```
0141,4.
```

அவர் ஊற்றியது 4.25 லிட்டர். எழுதுகிற நிரல் கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதுவதால் வரி நடுவிலேயே அறுந்திருக்கிறது. '4.' என்பதும் செல்லுபடியாகும் எண்தான், அதனால் எங்கள் நிரல் முணுமுணுக்காமல் 4 லிட்டர் என்று ஏற்றிவிட்டது.

லாஸ்பேட்டையிலிருந்து

XLSX கோப்பாக இருந்திருந்தால் அது திறக்கவே திறந்திருக்காது. அது உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்பு, அதன் பொருளடக்கம் கடைசியில்தான் இருக்கும். பாதிக் கோப்பைப் பைத்தானில் திறந்தால் இப்படி வரும்:

```
zipfile.BadZipFile: File is not a zip file
```

இது வந்தால் பதற வேண்டாம், அடுத்த பார்வையில் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸிலிருந்து நகலெடுக்கும்போது முழு அளவையும் முதலிலேயே ஒதுக்கிவிடுவதும் உண்டு. அப்போது அளவு ஆரம்பத்திலிருந்தே மாறாது, உள்ளே பாதி வெறுமையாக இருக்கும். ஆகவே அளவை மட்டும் நம்பக் கூடாது. பெயர் `~$` என்று தொடங்கினால் யாரோ அந்த விரிதாளை எக்செலில் திறந்து வைத்திருக்கிறார்கள், அந்தப் பூட்டுக் கோப்பைத் தொட வேண்டாம்.

CSV-க்கு நல்ல தீர்வு அனுப்புகிற பக்கத்தில்தான் இருக்கிறது. `kaalai.csv.part` என்ற பெயரில் எழுதட்டும், கொள்முதல் முடிந்து கணக்கை மூடும்போது `kaalai.csv` என்று பெயர் மாற்றட்டும். ஒரே கோப்புறைக்குள் பெயர் மாறுவது ஒரே அடியில் நடக்கிற காரியம். எட்டிப்பார்வையில் பழைய பெயரோ புதிய பெயரோதான் தெரியும், அரைகுறையாக ஒன்று தெரியாது. அங்கே மாற்ற முடியாதென்றால், கடைசியில் மொத்த வரி இருக்க வேண்டும், அது மேலே உள்ள வரிகளின் கூட்டலோடு ஒத்துப்போக வேண்டும். அதுவரை ஏற்றாதீர்கள்.

இதனால்தான் 'நிலைத்த கோப்பு' எனக்குச் சரியாகப் படவில்லை. அசையாமல் நிற்பது வேறு, முடிந்துபோவது வேறு. 'நிறைவரவு' எப்படி?

பண்ருட்டியிலிருந்து

முந்திரிக் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். வரவு என்றால் எங்களுக்குப் பணம் வந்தது. பால் கணக்கு நிரலில் 'நிறைவரவு 14' என்று பார்த்தால் 14 பேர் பணம் கட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வேன். 'முழுக்கோப்பு', 'குறைக்கோப்பு' என்று நேராகவே சொல்லிவிடுங்களேன்.

கடலூர் முதுநகரிலிருந்து

அக்கா சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'நிரல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கோப்புறையை எட்டிப் பார்க்கும். முழுக்கோப்பை ஏற்றும், குறைக்கோப்பை அடுத்த எட்டிப்பார்வைக்கு விட்டுவைக்கும்.' பெயர் மாற்றும் முறையை அந்த நிலையத்தில் நேற்று போட்டாயிற்று. ஓர் ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்கி ஒரே கோப்பை இரண்டு முறை ஏற்றிவிடாமல் இருக்க, இப்படி ஓட்டுகிறேன்:

```
*/5 * * * * flock -n /tmp/paal.lock /opt/paal/etri.py
```

ஒன்றுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. தப்பாக எழுதிய தாளைத் திருத்தி அதே பெயரில் மறுபடி போடுகிறார்கள். அதை ஏற்றினால் பழைய கணக்கை நீக்க வேண்டும், விட்டால் தப்பு அப்படியே நிற்கும். அந்த இரண்டாம் கோப்புக்கு 'மறுகோப்பு' என்று பெயர் போட்டிருக்கிறேன். நிரல் அதைத் தானாக ஏற்றலாமா, ஒருவர் பார்த்துச் சம்மதித்த பிறகா?

வில்லியனூரிலிருந்து

சம்மதித்த பிறகுதான். பணக் கணக்கு அது.

லாஸ்பேட்டையிலிருந்து

காலை ஏழரைக்குச் சம்மதிக்க அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள் தம்பி. நெல்லிக்குப்பம் ஐயா, உங்கள் கடவுச்சொல் விவகாரத்தைத் தனி மடலில் அனுப்புங்கள், பார்க்கிறேன்.