நிலாவெளித் தோட்டத்து மோட்டருக்கு எந்த ஸ்டாட்டர்?

*குழு: அம்மம்மா வீட்டுப் பிள்ளைகள்*

*வெள்ளி, இரவு 7.40*

கஜன்: வெங்காயத் தோட்டத்து ஏழரை எச்.பி. மோட்டரின் ஸ்டாட்டர் இன்று கருகிவிட்டது. பழையபடி நேரடி ஸ்டாட்டரே போடுவதா, மோட்டரை மெல்ல எழுப்பும் சொப்ட் ஸ்டாட்டர் போடுவதா என்று யோசிக்கிறேன். கடைக்காரர் சொப்ட் ஸ்டாட்டர்தான் நல்லது என்கிறார். விலை பல மடங்கு.

ரவி மாமா: சொப்ட் ஸ்டாட்டர் போடு மருமகனே. கரண்ட் பில் பாதியாகும்.

வசந்தி சித்தி: கஜன், எங்கள் வீட்டு மோட்டரும் இப்போது உறுமிக்கொண்டே நிற்கிறது, சுற்றுவதில்லை. எனக்கும் அதையே வாங்கலாமா?

நிர்மலன் அண்ணா: சித்தி, உங்களுடையது ஒரு எச்.பி., சிங்கிள் பேஸ். உறுமிக்கொண்டு நின்றால் முதலில் கப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். உடனே சுவிட்சை நிறுத்துங்கள், அப்படியே விட்டால் சுருள் கருகும். நாளை வருகிறேன்.

நிர்மலன் அண்ணா: மாமா, பில் குறையாது. மோட்டர் ஓட்டம் எடுக்க ஓரிரு விநாடிதான். அதற்குப் பிறகு இரண்டு ஸ்டாட்டரிலும் ஒரே கரண்ட்தான் போகும். நீங்கள் சொல்வது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வேறு பெட்டி.

ரவி மாமா: சரி சரி. ஆனால் போடும்போது இழுக்கும் கரண்ட் குறையும்தானே?

நிர்மலன் அண்ணா: அது உண்மை. அந்த மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய 11 அம்பியர் எடுக்கும். நேரடியாகப் போட்டால் எழும்பும் அந்த நொடியில் அதைப்போல ஆறேழு மடங்கு. சொப்ட் ஸ்டாட்டரில் மூன்று மடங்கோடு நிறுத்தலாம்.

நிர்மலன் அண்ணா: கஜன், வாங்குவதற்கு முன் சொல்லு. ஏன் மாற்ற நினைத்தாய்? ஸ்டாட்டர் கருகியது மட்டும்தான் காரணமா?

கஜன்: இல்லை அண்ணா, மூன்று கரைச்சல். மோட்டரைப் போட்டால் பக்கத்து வீட்டு லைட் மங்குகிறது, அவர்கள் இரண்டு தரம் வந்து பேசிவிட்டார்கள். மோட்டர் எழும்பச் சுணங்குகிறது. நிறுத்தினால் பைப்பில் 'டொம்' என்று அடிக்கிறது, போன மாதம் வளைவில் ஒட்டு விட்டுப்போனது.

நிர்மலன் அண்ணா: மூன்றும் ஒரே நோயல்ல. நாளை வேறு ஸ்டாட்டர் ஒன்றைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து அளந்து பார்ப்போம். மீற்றர் பலகையில் ஒருவர், கிணற்றடியில் ஒருவர்.

*சனி, பகல் 11.15*

கஜன்: அளந்துவிட்டோம். நிற்கும்போது இரண்டு பேஸுக்கு நடுவே 392 வோல்ட். மோட்டரைப் போட்ட நொடியில் பலகையில் 366, கிணற்றடியில் 329. ஓடத் தொடங்கிய பிறகு பலகையில் 390, கிணற்றடியில் 376.

நிர்மலன் அண்ணா: இதில்தான் கதை இருக்கிறது. எழும்பும்போது பலகைக்கு வரும் முன்னரே 26 வோல்ட் போகிறது, அது தெரு லைனில். பக்கத்து வீட்டு லைட் மங்குவது அதனால்தான். மேலும் 37 வோல்ட் நம்முடைய வயரில் போகிறது. 120 மீற்றர் தூரத்துக்கு இரண்டரை சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருக்கிறீர்கள்.

கஜன்: அது அப்பா காலத்தில் மூன்று எச்.பி. மோட்டருக்கு இழுத்தது.

நிர்மலன் அண்ணா: அதுதான். வோல்டேஜ் பாதியானால் மோட்டரின் இழுவை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். உன் மோட்டருக்கு 400க்குப் பதில் 329 கிடைத்தால் மூன்றில் இரண்டு பங்கு இழுவைதான் மிச்சம். எழும்பச் சுணங்குவது அதனால். இதற்கு மருந்து ஸ்டாட்டர் அல்ல, ஆறு சதுர மில்லிமீற்றர் வயர்.

நிர்மலன் அண்ணா: இன்னொன்றையும் பார்த்தேன். கருகிய ஸ்டாட்டரில், கரண்ட் கூடினால் விழுந்து மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் 16 அம்பியரில் திருப்பி வைத்திருந்தது. யார் செய்தது?

கஜன்: 11இல் வைத்தால் அடிக்கடி விழுந்தது அண்ணா. வயரிங் செய்த ஒருவர் கூட்டிவிட்டார்.

நிர்மலன் அண்ணா: வோல்டேஜ் குறைய அது 12 அம்பியர் எடுக்கிறது, அதனால் விழுந்தது. விழுந்தது உன்னைக் காப்பாற்றத்தான். 16இல் வைத்ததால் ஒரு பேஸ் போனாலும் விழச் சுணங்கி மோட்டர் வெந்துபோயிருக்கும். மோட்டர் தகட்டில் உள்ள அளவிலேயே வை.

ரவி மாமா: அப்போ வயரை மாற்றினால் லைட் மங்குவதும் நின்றுவிடும்.

நிர்மலன் அண்ணா: நிற்காது மாமா. வயர் தடித்தால் மோட்டருக்கு வோல்டேஜ் கூடும், எழும்பும்போது இன்னும் கொஞ்சம் கூடவே இழுக்கும். தெரு லைனில் விழுவது ஒரு சொட்டுக் கூடும். அந்தக் கரைச்சலுக்குத்தான் சொப்ட் ஸ்டாட்டர். இழுப்பு பாதியானால் 26 வோல்ட் விழுவது 13 ஆகும்.

தேவா: அண்ணா, பம்புக்கு அது பொருந்துமா? மெல்லப் போட்டால் தூக்காது என்றார்கள்.

நிர்மலன் அண்ணா: கிணற்றுப் பம்புக்கு நன்றாகப் பொருந்தும். வேகம் குறைவாக இருக்கும்போது அதற்குப் பாரமும் குறைவு. தொடக்க வோல்டேஜை மட்டும் அளவுக்கு மீறிக் குறைக்கக் கூடாது. மோட்டர் உறுமிக்கொண்டு அசையாமல் நின்றால் உடனே நிறுத்திவிட்டு அதைக் கூட்ட வேண்டும். 40 வீதத்தில் தொடங்கி 6, 7 விநாடியில் முழு வேகம் வந்தால் சரி.

தேவா: நான் குழாய்க்கிணற்றுக்குள் இறக்கிய மோட்டருக்கு சொப்ட் ஸ்டாட்டரில் 15 விநாடி வைத்திருக்கிறேன். மெல்ல எழும்பட்டும் என்று.

நிர்மலன் அண்ணா: ஐயோ தம்பி, இன்றைக்கே மாற்று! அது வேறு சாதி. அடியில் உள்ள பெயரிங் தண்ணீர்ப் படலத்தில்தான் மிதக்கிறது, வேகம் வந்தால்தான் அந்தப் படலம் உருவாகும். மெல்லச் சுற்றினால் உலோகம் தேயும். 3 விநாடிக்குள் முழு வேகம் வர வேண்டும், தொடக்க வோல்டேஜும் 55 வீதத்துக்குக் குறையக் கூடாது. நிறுத்தும்போதும் அப்படியே, இழுத்தடிக்காதே.

தேவா: 🙆 சரி அண்ணா, இப்போதே போகிறேன்.

கஜன்: பைப் அடிப்பதற்கு?

ரவி மாமா: வால்வை மூடிக்கொண்டு மோட்டரைப் போட்டால் அடிக்காது, கரண்டும் குறையும்.

நிர்மலன் அண்ணா: பாதி சரி மாமா. மூடிப் போட்டால் சீக்கிரம் வேகமெடுக்கும், ஆனால் அந்த முதல் இழுப்பு குறையாது. கஜனுக்கு அடிப்பது நிறுத்தும்போது. நிறுத்துவதற்கு முன் வால்வை மெல்ல மூடிவிட்டுப் பிறகு சுவிட்சைத் தட்டினால் அடி நிற்கும். காசில்லாத வழி.

கஜன்: தண்ணீர்த் தாங்கியில் மிதவைச் சுவிட்ச் போட்டிருக்கிறேன் அண்ணா. அதுதான் நிறுத்துகிறது, நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

நிர்மலன் அண்ணா: அப்போ சொப்ட் ஸ்டாட்டர் மெல்ல நிறுத்துவது உதவும். ஆனால் கரண்ட் கட்டானால் அதுவும் செத்துவிடும், அடி பழையபடி விழும். பம்புக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த நொன் ரிட்டர்ன் வால்வு ஒன்று போடு. இப்போது உள்ளது தொங்கும் கதவு, தண்ணீர் திரும்பி வந்த பிறகுதான் அடித்துச் சாத்துகிறது.

கஜன்: அப்போ முடிவு?

நிர்மலன் அண்ணா: பக்கத்து வீட்டுக்காரர் இல்லையென்றால் நேரடி ஸ்டாட்டரே போதும் என்பேன். நிலாவெளியில் எந்த வயர்மனும் அதன் கொயிலை மாற்றிவிடுவான். சொப்ட் ஸ்டாட்டரின் எலக்ட்ரோனிக் போட் பழுதானால் அவர்களால் முடியாது, வெங்காயம் காய்ந்துவிடும். அதனால் வயரும் வால்வும் முதலில். சொப்ட் ஸ்டாட்டர் வாங்கினால், ஓட்டம் எடுத்த பிறகு கரண்டை நேரே விடும் பைபாஸ் கொன்டக்டர் உள்ளேயே உள்ளதாகப் பார், இல்லாவிட்டால் ஓடும் நேரமெல்லாம் பெட்டி சுடும். நேரடி ஸ்டாட்டரையும் பக்கத்தில் கையிருப்பாக வை. கடல் உப்புக்காற்று, பெட்டி மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

கஜன்: இரண்டுமா? அம்மா கேட்டால் கொன்றுவிடுவா.

ரவி மாமா: பக்கத்து வீட்டுக்காரரிடமும் பாதி கேள். லைட் மங்குவது அவருக்குத்தானே.

வசந்தி சித்தி: நிர்மலன், மதியச் சாப்பாடு இங்கேதான். கப்பாசிட்டரோடு வா.

கஜன்: அண்ணா, ஆறு வயர் 120 மீற்றர், மூன்று இழையும் எர்த்தும். திங்கட்கிழமை கடையில் விலை கேட்டுப் போடுகிறேன்.