சிங்கப்பூர் வேலைக் குழுவில் நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை

கானாடுகாத்தான் – சிங்கப்பூர் (4 மாதம்)

வணக்கம். கட்டட ஏசி வேலையில் சேர்ந்திருக்கிறேன். இந்தத் துறை இன்ஜினியர்கள் 214 பேர் இருக்கும் வாட்ஸாப் குழுவில் மேலாளர் என்னைச் சேர்த்துவிட்டார். அப்பச்சியின் மணிவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, சைட்டில் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏஹெச்யூ மெஷினில் ஒரு பிரச்சினை என்று போன் வந்தது. ராத்திரி 10:15க்குக் குழுவில் கேட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் அப்படியே தருகிறேன். ஒவ்வொரு வரியும் தனித்தனி மெசேஜ்.

எல்லாருக்கும் வணக்கம்
யாராவது இருக்கீங்களா
ஒரு சந்தேகம்
ஏஹெச்யூவில் தண்ணீர் வழிகிறது
(போட்டோ)
அவசரம், ப்ளீஸ்

மெசேஜை அழுத்திப் பிடித்துத் தகவல் பார்த்தால் காலையில் 61 பேர் படித்திருக்கிறார்கள். ஒரு பதில்கூட இல்லை. அட்மின் மட்டும் தனியாக, "போட்டோவை எடுத்துவிடுங்கள்" என்று எழுதினார். நான் புதியவன் என்பதால் ஒதுக்குகிறார்களா?

காரைக்குடி – துபாய்

தம்பி, பாதிப் பேர் குழுவை மியூட்டில் போட்டிருப்பார்கள். விஷயம் தெரிந்த நாலைந்து பேரைப் பெயர் போட்டு டேக் பண்ணுங்கள். மியூட்டில் இருந்தாலும் அவர்களுக்குச் சத்தம் போகும். நான் அப்படித்தான் வேலையை முடிப்பேன்.

பள்ளத்தூர் (சிங்கப்பூரில் 19 வருஷம், இப்போது ஊரில்)

துபாய் அண்ணன் சொல்வதில் பாதி சரி. டேக் செய்தால் மியூட்டைத் தாண்டிப் பொதுவாகத் தெரிவிப்பு போகும். அதனால்தான் அறிமுகம் இல்லாதவரை டேக் செய்யக்கூடாது. சத்தம் வேண்டாம் என்று அவர் வைத்த தாழ்ப்பாளை நாம் வெளியிலிருந்து திறக்கிறோம். நேற்று அவரே உங்களிடம் "அளவு எடுத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால், அந்தப் பதிலுக்கு டேக் செய்வது முறை.

தம்பி, உங்களை யாரும் ஒதுக்கவில்லை. நான் ஏழு வருஷம் இப்படி ஒரு குழுவுக்கு அட்மினாக இருந்தேன். நீங்கள் எழுதியதை மறுமுனையிலிருந்து பாருங்கள். காரைக்குடியில் 10:15 என்றால் சிங்கப்பூரில் 12:45. தூங்குகிறவரின் போன் ஆறு தடவை அதிர்கிறது. முதல் மூன்று மெசேஜில் விஷயமே இல்லை. எழுந்து பார்த்தவர் என்ன செய்வார்? மியூட்டை அழுத்துவார். வாட்ஸாப் கேட்பது 8 மணி நேரமா, ஒரு வாரமா, எப்போதுமா என்பதுதான். தூக்கக் கலக்கத்தில் பலர் தொடுவது "எப்போதும்".

இன்னொன்று. குழுவில் உங்களை மட்டும் மியூட் செய்ய வழி இல்லை, முழுக் குழுவையும்தான் செய்ய முடியும். உங்கள் ஆறு அதிர்வுக்காக ஒருவர் மியூட் போட்டால், அடுத்த வாரம் வேறொருவர் கேட்கும் நியாயமான கேள்வியும் அவர் கண்ணில் படாது. அட்மின்கள் இதில் கடுமையாக இருப்பது இதனால்தான். நம் வீடுகளில் யாவாரப் பேச்சு முகப்போடு நிற்கும், வளவுக்குள் வராது இல்லையா? வேலைக் குழு முகப்பு மாதிரி. வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

அந்த ஆறையும் ஒன்றாக்க வேண்டும். எழுதுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள்: தண்ணீர் எப்போது வழிகிறது? வடிகுழாயில் தண்ணீர் தங்கி நிற்கும் ட்ராப் வளைவு எவ்வளவு ஆழம்? நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள்?

கானாடுகாத்தான் – சிங்கப்பூர்

விசிறி ஓடும்போது மட்டும் வழிகிறது அண்ணே. நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் தட்டு வடிந்துவிடும். குழாயில் காற்று ஊதிப் பார்த்தார்கள், அடைப்பு இல்லை. விசிறி, குளிர்விக்கும் காயிலுக்குப் பின்னால் இருக்கிறது. ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் 40 மி.மீ. இருக்கும்.

தேவகோட்டை – கோலாலம்பூர்

எனக்கும் இதேதான் நடந்தது. கணக்காளர்கள் குழு ஒன்றில் இருந்தேன். காரைக்குடியிலிருந்து கண்டாங்கிச் சேலை தருவித்து விற்கலாம் என்று பதினோரு படம் போட்டேன். அரை மணி நேரத்தில் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் அழுதேன். வெளிநாட்டில் நம் ஆட்களே நம்மைத் தூக்கிவிடவில்லை என்றால் எப்படி?

பள்ளத்தூர்

ஆச்சி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் தம்பி விஷயம் வேறு. அவர் கேட்டது குழுவுக்குரிய கேள்விதான், கேட்ட விதம்தான் பிசகு. விற்பனைக்குப் பல குழுக்களில் தனி நாள் உண்டு. முதலில் மேலே பின் செய்திருக்கும் விதியைப் படித்து, இல்லையென்றால் அட்மினிடம் தனியாக ஒரு வரி கேட்டிருந்தால், ஒரு படமாவது போட விட்டிருப்பார். அரை மணியில் எடுத்தது அவசரம்தான், அதையும் சொல்ல வேண்டும்.

தம்பி, நீங்கள் சொன்னதையே இப்படிப் போடுங்கள்:

"ஏஹெச்யூ வடிகால் தட்டு நிரம்பித் தரையில் வழிகிறது. விசிறி ஓடும்போது மட்டும். நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் வடிகிறது. குழாயில் அடைப்பு இல்லை. விசிறி, காயிலுக்குப் பின்னால் இருக்கிறது. ட்ராப்பில் தண்ணீர் 40 மி.மீ. ட்ராப் ஆழம் போதவில்லையா, வேறு எதைப் பார்க்க வேண்டும்? நாளை மாலைக்குள் தெரிந்தால் போதும்."

இதில் வணக்கம் இல்லையே என்று தயங்க வேண்டாம், முதல் வரியில் சேர்த்துக்கொள்ளலாம். ரயிலில் நின்றுகொண்டே படிப்பவர்கூட இதற்கு ஒரு வரி பதில் எழுதிவிடுவார்: "விசிறி உறிஞ்சுகிறது, தண்ணீர் இறங்க முடியவில்லை, தட்டில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்து பார்." உறிஞ்சல் 500 பாஸ்கல் என்றால் தண்ணீர்க் கணக்கில் சுமார் 50 மி.மீ. உங்கள் 40 அதைத் தாங்காது. "தண்ணீர் வழிகிறது" என்று மட்டும் எழுதினால், அடைப்பா, சரிவா, உறிஞ்சலா என்று அவரே எட்டுக் கேள்வி கேட்க வேண்டும். அதற்குப் பயந்துதான் 61 பேரும் படித்துவிட்டுப் போனார்கள்.

காலை 9 மணிக்குமேல் அனுப்புங்கள், சிங்கப்பூர் நேரம். தப்பாக எழுதிவிட்டால் 15 நிமிடத்துக்குள் அதே மெசேஜைத் திருத்துங்கள், "மன்னிக்கவும்" என்று இரண்டாவது மெசேஜ் வேண்டாம். அப்புறம் அந்தப் போட்டோவில் என்ன இருந்தது?

கானாடுகாத்தான் – சிங்கப்பூர்

மெஷினும், சுவரில் ஒட்டியிருந்த தள வரைபடமும். வாடிக்கையாளர் பெயர் தெரிந்திருக்கலாம்.

காரைக்குடி – துபாய்

"எல்லாருக்கும் நீக்கு" கொடுத்தால் போச்சு. யாருக்கும் தெரியாது.

பள்ளத்தூர்

தெரியும் அண்ணே. நீக்கிய இடத்தில் "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்று அடையாளம் நிற்கும். ஏறக்குறைய இரண்டரை நாளுக்குள்தான் நீக்கவும் முடியும். அதற்குள் சிலர் போனில் படம் தானாகவே சேமிப்பாகியிருக்கும். ஆனாலும் உடனே நீக்குங்கள் தம்பி. உங்கள் மேலாளரிடமும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள், வேறு வாயால் அவர் காதுக்குப் போகக்கூடாது. புதுப் படம் வேண்டுமென்றால் ட்ராப்பை மட்டும், பக்கத்தில் அளவு டேப் வைத்து எடுங்கள்.

காரைக்குடி – துபாய்

சரி, அது புதுசு எனக்கு. பொங்கல் வாழ்த்து? அதையும் போடக்கூடாதா?

பள்ளத்தூர்

எனக்கே முடிவு தெரியவில்லை. என் குழுவில் அட்மின் ஒரு வாழ்த்துப் போடுவார், மற்றவர்கள் அதற்கே கைகூப்பும் குறி வைப்பார்கள். சீனர், மலாய் நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். 40 படம் வரிசையாக வந்த வருஷம் சண்டையும் வந்தது. "வாழ்த்துக்கூடச் சொல்லாத குழு எதற்கு" என்று ஒருவர் விலகினார். அவர் பக்கமும் நியாயம் உண்டு.

கானாடுகாத்தான் – சிங்கப்பூர் (3 நாள் கழித்து)

போட்டோவை நீக்கிவிட்டேன். மேலாளரிடம் சொன்னேன், முகம் சுளித்தார், ஆனால் விட்டுவிட்டார். காலை 9:20க்கு ஒரே மெசேஜாக அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் இருவர் பதில் போட்டார்கள். மூன்றாமவர் வேறு காரணம் சொல்கிறார், ட்ராப் வறண்டு போயிருக்கும் என்று. உறிஞ்சலை அளந்தோம்: 480 பாஸ்கல். ட்ராப்பை ஆழமாக மாற்றித்தரச் சொல்லியிருக்கிறோம், திங்கட்கிழமை பொருத்துகிறார்கள். குழுவில் நன்றிக்குத் தனி மெசேஜ் போடவில்லை, இருவர் பதிலுக்கும் கட்டைவிரல் வைத்தேன். திங்கட்கிழமை வழிவது நிற்கிறதா என்று பார்த்து, அந்த முடிவையே என் பழைய கேள்விக்குப் பதிலாகப் போடலாம் என்றிருக்கிறேன். சரிதானே அண்ணே?

பள்ளத்தூர்

சரி தம்பி. நிற்கவில்லை என்றாலும் போடுங்கள்.