மூன்றாவது பட்டியல்

திருப்பூர் மருமகள்:
கணவர் தொழிலில் விழுந்தபோது கூடவே நின்றவர்கள் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நான் நின்ற விதம் ஒன்றும் அழகாக இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்களுக்கு எட்டு மெஷின் இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்தவரை சோற்றுக்குக் குறைவில்லை. 2021 கடைசியில் இவர் சொந்தமாக ஆர்டர் எடுத்தார். வடக்கே ஒரு வியாபாரிக்குப் பனியன். விலை பேசி முடித்த பிறகு நூல் விலை மாதா மாதம் ஏறியது. ஒத்துக்கொண்ட விலைக்கே தைத்து அனுப்பினோம். அதற்கும் பாதிப் பணம்தான் வந்தது. 2022 ஆடியில் ஷட்டரை இறக்கினோம்.

அன்று ராத்திரி "மொத்தம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன். பேங்கில் 9 லட்சம், நூல் கடைக்கு 3.5 லட்சம், என் நகையில் 12 பவுன் அடகு வைத்தது 3.4 லட்சம் என்றார். கிட்டத்தட்ட 16 லட்சம். அப்போது என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது: "எங்கப்பா அப்பவே சொன்னாரு." அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை.

இரண்டு வாரம் கழித்து பீரோவைத் துடைக்கும்போது இன்னொரு அடகுச் சீட்டு கிடைத்தது. மீதி 10 பவுனும் 2.8 லட்சத்துக்குப் போயிருந்தது. மொட்டை மாடிக்குப் போய் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கீழே இறங்கியதும் சண்டை போடத்தான் வந்தேன். ஆனால் அவர் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி சாப்பிடாமல் இருந்த கோலத்தைப் பார்த்ததும் வேறு கேள்வி வந்தது. "இன்னும் இருக்குதுங்களா?" என்றேன்.

"இருக்குது. சொன்னா நீ தாங்கமாட்டே."

பையனின் பழைய கணக்கு நோட்டை எடுத்தேன். ஏன் வாங்கினீர்கள், எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்கவே இல்லை. யாருக்கு, எவ்வளவு, என்றைக்குத் தரணும், என்ன கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க, இந்த நான்கு மட்டும். விடிவதற்குள் மூன்றாவது பட்டியல் வந்தது. ஒரு பைனான்ஸ்காரரிடம் 3 லட்சம், என் அக்கா வீட்டுக்காரரிடம் 1.5 லட்சம். ஆக 23 லட்சத்துக்கு மேல்.

பைனான்ஸ்காரரிடம் செக் கொடுத்திருந்தார். அது பவுன்ஸ் ஆகி, வக்கீல் நோட்டீசும் வந்து, கடைச் சாவியோடு டிராயரில் ஒன்பது நாளாகக் கிடந்தது. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளில் பணம் கட்டணும். எங்களுக்கு மிச்சம் ஆறு நாள். ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டபோது, "நீ உங்கப்பாவைப் பத்திச் சொன்னதும் வாய் அடைச்சுப் போச்சு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை ஒன்பது நாள்.

சட்டம் தெரிந்த மாமா:
பயப்படாதே அம்மா. புருஷன் கடனுக்குப் பெண்டாட்டியிடம் யாரும் கை வைக்க முடியாது. செக் அவர் போட்டது, வழக்கும் அவர் மேல்தான். நீ ஒதுங்கியே இரு.

ஓய்வு பெற்ற கிளை மேலாளர்:
மாமா சொன்னதில் பாதி சரி. மனைவி என்பதால் மட்டும் கடன் ஒட்டாது. ஆனால் கையெழுத்து ஒட்டும். உங்கள் ஊரில் பல யூனிட்டுகள் பெயரளவில் மனைவி பெயரில்தான் ஓடுகின்றன. ஜிஎஸ்டி பதிவு அவர் பெயரில், பேங்க் கடனில் ஜாமீன் கையெழுத்தும் அவரே. அப்படியென்றால் ஒதுங்க இடமே இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

செக் விஷயத்தில், 15 நாள் முடிந்தும் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் வழக்குப் போடலாம். போட்ட பிறகும் சமரசம் செய்துகொள்ள வழி உண்டு. ஆனாலும் முன்கூட்டியே போய்ப் பேசுவது எப்போதும் மலிவு. பேங்கிலும் அப்படித்தான். தவணை 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன் கணக்குக்குப் போய்விடும். அதற்குமுன் வருகிறவரிடம் தவணையைத் தள்ளிப்போடுவது பற்றிப் பேச எனக்கு இடம் இருந்தது. தாண்டிய பிறகு வந்தால், சொத்து அடமானம் இருக்கும்பட்சத்தில் 60 நாள் நோட்டீஸ்தான் பேசும். என் மேஜைக்கு எதிரே 90 நாளுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் தம்பதியாகவே வந்தார்கள். வீட்டில் சொல்லாதவர் பேங்குக்கும் வரமாட்டார், போனையும் எடுக்கமாட்டார்.

பல்லடம் டெய்லர்:
அக்கா, அந்த எட்டு மெஷினில் ஓவர்லாக் எத்தனை? என்ன விலை சொல்றீங்க?

திருப்பூர் மருமகள்:
தம்பி, ஏழு விற்றாயிற்று. வாங்கின விலையில் பாதிகூட வரவில்லை, அதை நினைவுபடுத்தாதீங்க.

மேலாளர் ஐயா, நான் பேங்கில் ஜாமீன் போட்டிருக்கிறேன். இரண்டு பேருமாகத்தான் போனோம். 70 நாள் ஆகியிருந்தது. தவணையைச் சிறிதாக்கி வருஷத்தை நீட்டிக் கொடுத்தார்கள்.

யாருக்கு முதலில் என்று யோசித்தபோது எட்டுத் தையல்காரர்களின் மூன்று வாரச் சம்பளம், 66 ஆயிரம், பாக்கி இருந்தது. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாழ்கிறவர்கள். இரண்டாவது சீட்டின் 10 பவுனை மீட்டு விற்றோம். 3,70,000 வந்தது. அசலும் வட்டியும் போக 68 ஆயிரம் நின்றது. அது சம்பளத்துக்கே போயிற்று. அம்மா போட்ட ஆரமும் அதில் ஒன்று. அதை விற்றுவிட்டு வரும்போது வண்டியில் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷின் விற்ற முன்பணத்தில் 1 லட்சத்தை ஐந்தாம் நாள் பைனான்ஸ்காரரிடம் கட்டி, மீதிக்கு மாதத் தவணை எழுதி வாங்கினோம்.

மளிகைக்கடை அண்ணாச்சி:
எங்க வீட்டுக் கதை தலைகீழ். என் வீட்டுக்காரி தெருப் பெண்களுக்கு ஏலச்சீட்டு நடத்தினாள். முதலில் எடுத்த நாலு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள், கட்டினவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் மூணு மாசம் அவளோடு பேசவும் இல்லை. திட்டாததே பெரிய தர்மம் என்று நினைத்தேன். அவளோ, "நாலு வார்த்தை வஞ்சிருந்தா மனசு ஆறியிருக்கும்"ன்னா. வாசலுக்கு வந்தவர்களிடம் அவளுக்குப் பக்கத்தில் நின்று ஒருநாள் பதில் சொன்னேன், அன்றைக்குத்தான் அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

பெயர் வேண்டாம்:
எனக்கு இதைப் படிக்கப் படிக்கக் கோபம்தான் வருகிறது. நானும் பழி சொல்லாமல் பட்டியல் கேட்டேன், நகையும் விற்றேன். நான்காவது பட்டியல் வந்தது, ஐந்தாவதும் வந்தது. ஆன்லைன் ரம்மி. நூல் விலை ஏறியதும் இதுவும் ஒன்றா? எவ்வளவு தூரம் பேசாமல் இருப்பது?

ஓய்வு பெற்ற கிளை மேலாளர்:
ஒன்றல்ல. நட்டம் நின்றுவிட்டதா, ஓட்டை இன்னும் திறந்திருக்கிறதா என்பதே வித்தியாசம். உங்கள் சம்பளக் கணக்கு, நகை, ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் பிரித்து வையுங்கள், புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அது பழி சொல்வது ஆகாது.

பெயர் வேண்டாம்:
அதையும் செய்தேன் சார். "நீ என்னை நம்பலை"ன்னு ஊரெல்லாம் சொல்கிறார்.

திருப்பூர் மருமகள்:
உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை அக்கா. என் வீட்டுக்காரர் மறைத்தார், ஆனால் ஷட்டரை இறக்கிய பிறகு புதிதாகக் கடன் வாங்கவில்லை. அந்த ஒரு பிடிமானம் எனக்கு இருந்தது.

இப்போது இவர் ஒரு கம்பெனியில் லைன் சூபர்வைசர். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்காமல் நோட்டு மேல் வைப்பார். நான் கேட்டது இல்லை, அவராகவே ஆரம்பித்தது. விற்காமல் நின்ற பேட்லாக் மெஷின் ஒன்று ஹாலில் இருக்கிறது, துணி மடித்துப் போடுகிறோம்.

அக்கா வீட்டுக் கடன்தான் இன்னும் அடையவில்லை. அக்கா பேசுவதில்லை. தீபாவளிக்கு 10 ஆயிரம் அனுப்பினோம். மச்சானிடமிருந்து "வந்தது" என்று ஒரு செய்தி வந்தது.