11 லட்சம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இரண்டு முறையும் "பேசலாம்" என்றே பதில்: எங்கே தவறுகிறேன்?

செழியன் (கேள்வி)

கிடங்குப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்துகிறேன். பொருள்களை எடுத்துக் கட்டி அனுப்பும்போது பட்டியலைக் கையால்தான் சரிபார்க்கிறோம். கடந்த 6 மாதச் சராசரியைப் பார்த்தால், மாதத்துக்கு 120 பொட்டலங்கள் தவறாகப் போய்த் திரும்பி வருகின்றன. 20 கையடக்க ஸ்கேனர்களும் அவற்றை எங்கள் கணினியோடு இணைக்கும் மென்பொருளும் வாங்க ஒப்புதல் கேட்டுத் துணைத்தலைவருக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "நல்ல யோசனை, பேசலாம்" என்று மட்டும் பதில் வருகிறது.

கடிதம் இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுவதும் கிடங்கின் நிலைமை. இரண்டாம் பக்கத்தில் செலவு 11 லட்சம், ஆண்டுக்கு 20 லட்சம் மிச்சம் என்று எழுதியிருக்கிறேன். கடைசி வரி: "இது குறித்துத் தங்கள் மேலான கருத்தை எதிர்பார்க்கிறேன்." விலைப்புள்ளி இந்த மாதம் 30ஆம் தேதியோடு காலாவதியாகிறது. ஆட்கள் இரவு எட்டு மணிவரை நின்று சரிபார்ப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. என்ன செய்யலாம்?

இளவேனில்

ஆண்டு வரவுசெலவுத் திட்டம் போடும் நேரத்தில் உங்கள் பிரிவுக்கான தொகையைக் கூட்டிக் கேளுங்கள். இடையில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

செழியன்

பிரிவின் ஆண்டுத் தொகையை நான் கேட்கவில்லை. இது ஒரு தனிச் செலவு. ஆண்டின் நடுவில் கேட்கும் செலவுகளுக்கென்று ஒரு தொகை துணைத்தலைவரிடம் இருக்கிறது, 15 லட்சம்வரை அவரே ஒப்புதல் தரலாம். அதனால்தான் அவருக்கு எழுதினேன்.

மதியழகன்

எப்போதும் 20 விழுக்காடு கூட்டிக் கேட்க வேண்டும். அவர்கள் வெட்டுவார்கள், வெட்டிய பிறகு உங்களுக்கு வேண்டியது மிஞ்சும். கடிதத்தை ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். பெரியவர்களுக்கு நேரம் கிடையாது.

கயல்விழி

நான் நிதிப்பிரிவில் இருப்பவள். இப்படிப்பட்ட கடிதங்கள் கருத்துக் கேட்டு என் மேசைக்கு வரும். மதியழகன் சொல்வதில் ஒரு பக்கம் என்பது சரி, கூட்டிக் கேட்பது சரியில்லை. விலைப்புள்ளியில் 11 இருக்கும்போது கடிதத்தில் 13 இருந்தால், நான் முதலில் கேட்பது அந்த இரண்டு லட்சத்தைத்தான். அதற்குப் பதில் சொல்ல முடியாதவரின் மற்ற எண்களையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவேன். எதிர்பாராத செலவுக்கு இடம் வேண்டுமென்றால் அதைத் தனி வரியாகப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

செழியன், உங்கள் கடைசி வரியைப் பாருங்கள். கருத்துக் கேட்டீர்கள், அவரும் "நல்ல யோசனை" என்று கருத்துச் சொல்லிவிட்டார். ஒப்புதல் தாருங்கள் என்று கடிதத்தில் எங்குமே இல்லை. மரியாதைக்காக எழுதும் வரிதான், ஆனால் முடிவெடுக்க வேண்டிய பொறுப்பை அது அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது. எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதிக்குள் ஒப்புதல் வேண்டும், அந்தத் தேதி ஏன் என்பதை முதல் இரண்டு வரிகளில் எழுதுங்கள்.

அடுத்து, அந்த 20 லட்சம் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

செழியன்

தவறாகப் போகும் ஒரு பொட்டலத்துக்குத் திரும்பி வரும் கூலி, மறுபடி அனுப்பும் கூலி எல்லாம் சேர்த்து 800 ஆகிறது. மாதம் 120 என்றால் ஆண்டுக்கு 11,52,000. அதோடு 8 பேருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அதைச் சம்பளக் கணக்கில் சுமார் 9 லட்சமாகப் போட்டேன். செலவில் ஸ்கேனர் 7 லட்சம், இணைப்பு மென்பொருள் 3 லட்சம், வைஃபையும் பயிற்சியும் 1 லட்சம். உரிமமும் பராமரிப்பும் இரண்டாம் ஆண்டிலிருந்துதான் என்று நினைத்து, அதைக் கடிதத்தில் எழுதவில்லை. முதல் ஆண்டிலிருந்தே ஆண்டுக்கு 2 லட்சம் என்று இப்போதுதான் விலைப்புள்ளியில் கவனித்தேன்.

பூங்குழலி

அந்த 2 லட்சத்தை விட்டுவிடாதீர்கள். எனக்கு இதே நேர்ந்தது. நான் கேட்டது ஸ்கேனர் அல்ல, ஓர் ஆவண மேலாண்மை மென்பொருள். வாங்கும் செலவுக்கு ஒப்புதல் வாங்கினேன், மகிழ்ச்சியோடு நிறுவினோம். மறு ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கத் தொகை இல்லை, யாரும் ஒதுக்கவில்லை. மூன்று மாதம் திறக்கவே முடியாமல் கிடந்தது. அதன்பிறகு நான் எது கேட்டாலும் "இதற்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது?" என்றுதான் கேட்டார்கள்.

கயல்விழி

பூங்குழலி சொன்னதுதான் முதல் திருத்தம். மூன்று ஆண்டுச் செலவு 17 லட்சம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, 8 பேரின் நேரம். வேலை குறைகிறது என்பது உண்மை. ஆனால் அந்த 8 பேரும் அடுத்த மாதமும் அதே சம்பளம் வாங்குவார்கள். பணமாக எதுவும் திரும்பி வராது. நீங்கள் சொன்ன இரவு எட்டு மணி வேலைக்கு மிகைநேர ஊதியம் தருகிறீர்களா? தந்தால் அதுதான் உண்மையில் குறையக்கூடிய பணம்.

மூன்றாவது, 120 பொட்டலங்களும் ஸ்கேனரால் நிற்குமா? முகவரி தவறானதைப் பார்கோடு கண்டுபிடிக்காது.

செழியன்

திரும்பி வந்த சீட்டுகளை நேற்று இரவு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பொருளோ எண்ணிக்கையோ மாறியவை மாதத்துக்கு 80. மீதி 40 முகவரிச் சிக்கல். மிகைநேர ஊதியம் மாதம் 40,000 போகிறது, அதில் பாதியாவது நிற்கும் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார்.

கயல்விழி

அப்படியானால் 80-ல் 60 நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 60 × 800 × 12 = 5,76,000. மிகைநேரத்தில் 2,40,000. இரண்டும் சேர்த்து 8,16,000. ஆண்டுச் செலவு 2 லட்சம் போக 6,16,000. போட்ட 11 லட்சம் ஏறக்குறைய 22 மாதத்தில் திரும்பும். 60-க்குப் பதில் 40 மட்டுமே நின்றால் 31 மாதம் ஆகும். இரண்டையும் எழுதுங்கள். 20 லட்சம் என்ற எண்ணைவிட இது சிறியது, ஆனால் யார் தோண்டிக் கேட்டாலும் நிற்கும். நேர மிச்சத்தைப் பணமாக்காமல் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மதியழகன்

நேரத்தை முழுவதும் விட்டுவிடுவது எனக்கு ஒப்பவில்லை. வேலை கூடினால் புதிதாக இரண்டு பேரை எடுக்க வேண்டியிருக்காது அல்லவா? அதுவும் பணம்தான்.

கயல்விழி

ஆள் எடுக்க ஏற்கெனவே அனுமதி கேட்டு நிலுவையில் இருந்தால் எண்ணலாம். இல்லையென்றால் நான் எண்ணமாட்டேன். வேறு நிறுவனங்களில் எண்ணுகிறார்கள் என்பதும் உண்மைதான்.

செழியன்

கடிதத்தை இப்படித் தொடங்கியிருக்கிறேன்:

"கிடங்குக்கு 20 ஸ்கேனர்களும் இணைப்பு மென்பொருளும் வாங்க ஒருமுறைச் செலவாக 11 லட்சத்துக்கும், ஆண்டுக்கு 2 லட்சம் தொடர் செலவுக்கும் 25ஆம் தேதிக்குள் தங்கள் ஒப்புதலைக் கோருகிறேன். விலைப்புள்ளி 30ஆம் தேதி முடிகிறது, கொள்முதல் ஆணைக்கு நான்கு வேலை நாள் தேவை. மூன்று ஆண்டுச் செலவு 17 லட்சம். முதலீடு 22 மாதத்தில் திரும்பும், பலன் குறைந்தால் 31 மாதம்."

அனுப்புமுன் எங்கள் நிதிப்பிரிவில் காட்டினேன். 800 என்பதை ஏற்கவில்லை. திரும்பிய பொருளில் சேதமானவற்றின் மதிப்பும் சேர வேண்டுமாம், எனவே கூடலாம் என்கிறார்கள். நாளை சீட்டுகளோடு உட்காருகிறோம்.

இளவேனில்

அவ்வளவு பெரிய தொகைக்குப் பதில் ஒரு பகுதியில் மட்டும் 5 ஸ்கேனரோடு தொடங்கக் கேட்கலாமே?

செழியன்

யோசித்தேன். ஆனால் இணைப்பு மென்பொருளின் 3 லட்சம் ஐந்துக்கும் அதேதான், இருபதுக்கும் அதேதான். ஐந்து ஸ்கேனருக்கு 1,75,000 சேர்த்தால் குறைந்தது 4,75,000 ஆகிறது, வைஃபை தனி. கால்பங்கு பலனுக்குப் பாதிக்கு நெருங்கிய செலவு. அவர் கேட்டால் சொல்வதற்கு இந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கிறேன். கடிதத்தில் இரண்டாவது வழியாக எழுதலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பூங்குழலி

எழுதினால் சிறியதைத்தான் தேர்ந்தெடுப்பார். என் அனுபவம் அப்படி.

கயல்விழி

எழுதாவிட்டால் "வேறு வழி பார்த்தீர்களா?" என்று கேட்டு இன்னொரு வாரம் போகும். உங்களிடம் 25ஆம் தேதிவரைதான் இருக்கிறது. நான் எழுதுவேன், ஏன் அதைப் பரிந்துரைக்கவில்லை என்ற காரணத்தோடு.