கடைசி மூன்று ஐந்து மதிப்பெண் விடைகள் மட்டும் அலங்கோலமாகின்றன, உதவுங்கள்

பிளஸ் டூ கணிதம், தமிழ்நாடு பாடத்திட்டம், 90 மதிப்பெண், 3 மணி நேரம். மாணவர்களின் அரையாண்டுத் தாள்களை மறுபடி புரட்டிப் பார்க்கிறேன். முதல் நான்கு ஐந்து மதிப்பெண் விடைகளில் ஓரக்கோடு, வினா எண், தலைப்பு, அடிக்கோடு எல்லாம் சரி. ஐந்தாவதிலிருந்து ரஃப் வொர்க் விடைக்குள் புகுந்துவிடுகிறது.

ஒரு தாளில் நீள்வட்டத்தின் பரப்பு. படத்துக்கே அரைப்பக்கம் போயிருக்கிறது. தொகையிடல் சரி. ஆனால் πab வரிக்கு நடுவில் கிடக்கிறது, அடிக்கோடும் இல்லை, ‘சதுர அலகுகள்’ என்பதும் இல்லை. திருத்துபவர் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு மதிப்பெண் பகுதிக்கு 20 நிமிடம், இரண்டுக்கு 28, மூன்றுக்கு 49, ஐந்துக்கு 70 என்று பிரித்துக் கொடுத்தோம். 13 நிமிடம் மிஞ்ச வேண்டும், மிஞ்சுவதில்லை. மூன்று மதிப்பெண் பகுதிதான் நேரத்தைத் தின்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டதில் வேகம் குறைந்தது. கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்றால் மணி அடித்துவிடுகிறது. வலப்புறம் பென்சில் கோடு கிழித்து ரஃப் வொர்க்கை ஒதுக்கியது மட்டும் ஓரளவு பலித்தது.

விடைத்தாள் திருத்திய அனுபவமுள்ள ஆசிரியர்களே, ஐந்து மதிப்பெண் பகுதியை மூன்று மதிப்பெண்ணுக்கு முன்பே எழுதவைத்தால் இது சரியாகுமா?