‘கொஞ்சம்’ இல்லாத ‘கொஞ்சம்’: பிரெஞ்சு ‘பார்த்தித்தீவ்’ ஆர்ட்டிக்கிளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

பாலக்காட்டு எல்லையில் மாலை நேரத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கியூபெக்குக்குப் போக நினைக்கும் நர்சுகள். பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவர்கள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மலையாளம் பேசினாலும் இலக்கணத்தைத் தமிழில் சொன்னால்தான் அவர்களுக்கு ஏறுகிறது. அவர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். சாப்பாட்டுப் பாடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு மாணவியிடம், காலையில் என்ன சாப்பிடுவாய், என்ன குடிப்பாய் என்று பிரெஞ்சில் கேட்டேன். அவள் எழுதிக்கொடுத்தது இது:

```
Je mange le riz.
J'aime du café.
Je ne bois pas du lait.
```

சோறு சாப்பிடுகிறேன், காபி பிடிக்கும், பால் குடிப்பதில்லை என்று சொல்ல வந்தாள். மூன்றும் தப்பு. இப்படி இருக்க வேண்டும்:

```
Je mange du riz.
J'aime le café.
Je ne bois pas de lait.
```

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். “டீச்சர், நீங்கதானே ‘த்யு’ன்னா கொஞ்சம்னு சொன்னீங்க? நான் காலையில தட்டு நிறையச் சோறு சாப்பிடுவேன், கொஞ்சம் இல்ல. அதனால ‘ல’ போட்டேன். காபி எனக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும், அதனால ‘த்யு’.” அவள் கணக்கில் தப்பே இல்லை, தப்பு என் விளக்கத்தில். ‘ல ரி’ என்று சொன்னால் ஏற்கெனவே பேசிய, குறிப்பான அந்தச் சோறு என்று ஆகிவிடும். ‘த்யு ரி’ என்றால் சோறு என்ற எண்ண முடியாத பண்டத்தில் ஏதோ ஓர் அளவு. அது ஒரு பருக்கையும் ஆகலாம், ஒரு அண்டாவும் ஆகலாம்.

ஆண்பாலுக்கு ‘த்யு’, பெண்பாலுக்கு ‘த லா’, உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘த ல்’, பன்மைக்கு ‘தே’. இந்த நான்குக்கும் சேர்த்து பார்த்தித்தீவ் ஆர்ட்டிக்கிள் என்று பெயர். ‘கொஞ்சம்’ வாடை அடிக்காத ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். யாராவது கைகொடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து

டீச்சருக்கு வணக்கம். முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவன், பிரெஞ்சு தெரியாது. பேரன் படிக்கிறான், அவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ‘த்யு’ என்பது ‘த’வும் ‘ல’வும் சேர்ந்தது என்று போட்டிருக்கிறது. ‘த’ நம் ஆறாம் வேற்றுமை. ஆகவே இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நன்னூலில் தற்கிழமைப் பொருள் சொல்லும்போது ‘ஒன்றன் கூட்டம்’ வருகிறதே, உரைகாரர்கள் ‘நெல்லது குப்பை’ என்று உதாரணம் காட்டுவார்களே, அதேதான். முழுமைக்கும் அதன் பங்குக்கும் உள்ள உறவு. ‘பகுதிச் சுட்டு’ என்று வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

நகரியிலிருந்து

‘பார்ட்டிகிள்’ என்றால் இடைச்சொல் என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறதே, அதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? இயற்பியலில் என்றால் துகள்.

எங்கள் ஊரில் தெலுங்கு, தமிழ் இரண்டும் ஓடும். ஓட்டலில் ‘கொஞ்செம் சாம்பார்’ என்று கேட்டால் கரண்டியில் பாதி ஊற்றுவார்கள். வெறுமனே ‘சாம்பார்’ என்றால் வாளியோடு வருவார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, சும்மா சொன்னேன்.

செங்கோட்டையிலிருந்து

நகரி நண்பரே, கேள்வி பார்ட்டிகிள் அல்ல, பார்த்தித்தீவ். ஒரு எழுத்தில் சறுக்கிவிட்டீர்கள். ஆனால் சாம்பாருக்குச் சம்பந்தம் உண்டு, பிறகு வருகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன். மார்த்தாண்டம் ஐயா சொன்னதில் பாதி சரி. வடிவம் பிறந்தது ‘த’வும் ‘ல’வும் சேர்ந்துதான். ஆனால் இன்றைய பிரெஞ்சில் அது ஆறாம் வேற்றுமை வேலையைச் செய்யவில்லை. ஒரே முகம், இரண்டு ஆள். பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது, வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள்.

```
Je mange du riz.  -> Je ne mange pas de riz.
Je parle du riz.  -> Je ne parle pas du riz.
```

முதல் வாக்கியம் சோறு சாப்பிடுவது. ‘இல்லை’ என்றதும் ‘த்யு’ சுருங்கி வெறும் ‘த’ ஆகிவிட்டது. இரண்டாவது அந்த அரிசியைப் பற்றிப் பேசுவது. அங்கே ‘த்யு’ அசையவே இல்லை, ஏனென்றால் அது ‘பற்றி’ என்ற பொருளில் வந்த ‘த’வும் ‘ல’வும். சுருங்கினால் பார்த்தித்தீவ், சுருங்காவிட்டால் வேற்றுமைக் கூட்டு. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு பள்ளம் உண்டு. ‘இது பால் இல்லை’ என்று சொல்லும்போது சுருங்காது.

```
Ce n'est pas du lait.
```

அங்கே பாலின் அளவை மறுக்கவில்லை, இது பாலே அல்ல, வேறு பொருள் என்கிறோம்.

அப்புறம், ‘பகுதி’ வேண்டாம். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்குப் பகுதி என்றால் பகுதி, விகுதி, இடைநிலை ஞாபகம்தான் வரும். ‘சுட்டு’ம் வேண்டாம். அ, இ, உ மூன்றும் ‘அந்தச் சோறு’ என்று குறித்துக் காட்டும். இது எதையும் குறித்துக் காட்டாத சொல்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

ஐயா, அந்தச் சோதனையைக் கையேட்டில் அப்படியே போட்டுக்கொள்கிறேன். மாணவியின் மூன்றாவது தப்புக்கும் அதுதான் மருந்து.

பெயருக்கு எனக்குத் தோன்றியது ‘கூறு’. கூறுச்சொல் என்று வைத்தால்? பங்கு என்ற பொருள் இருக்கிறது, சின்னச் சொல்லும்கூட.

வேலந்தாவளத்திலிருந்து

காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். இலக்கணம் தெரியாது, ஆனால் கூறு தெரியும். எங்கள் சந்தையில் தக்காளியைச் சாக்கு விரித்துக் குவியல் குவியலாக வைத்து ‘ஒரு கூறு பத்து ரூபா’ என்று விற்பார்கள். கூறு என்றாலே எண்ணலாம். ஒரு கூறு, ரெண்டு கூறு. டீச்சர் சொல்லும் சாமான் எண்ண முடியாதது என்கிறீர்கள். பேர் பொருந்தவில்லையே?

இன்னொரு சந்தேகம். ‘ஒரு கிலோ தக்காளி’ என்று பிரெஞ்சில் கேட்டால் அப்போதும் இந்த ‘த்யு’ வருமா?

செங்கோட்டையிலிருந்து

தம்பி கேட்டதுதான் இந்த விவாதத்திலேயே நல்ல கேள்வி. வராது. கிலோ, தம்ளர், நிறைய, ஏன் ‘கொஞ்சம்’ என்ற சொல்லே வந்தாலும், அதற்குப் பின் வெறும் ‘த’தான்.

```
un kilo de tomates
un verre de lait
un peu de lait
```

கடைசி வரியைப் பாருங்கள். பிரெஞ்சில் உண்மையாகவே ‘கொஞ்சம் பால்’ என்று சொல்ல ‘அன் ப’ என்று தனிச் சொல் இருக்கிறது. அது வந்தவுடன் ‘த்யு’ வெளியே போய்விடுகிறது. அப்படியானால் ‘த்யு’வுக்குக் கொஞ்சம் என்று எப்படிப் பொருள் சொல்வது? அளவு சொல்லப்படாதபோதுதான் அது உள்ளே வருகிறது. நகரி நண்பரின் ஓட்டலில் வெறும் ‘சாம்பார்’ என்று கேட்டாரே, அதுதான் பிரெஞ்சின் ‘த்யு’. தமிழில் அந்த இடம் காலியாக இருக்கும், பிரெஞ்சில் காலியாக விட முடியாது.

கோழியை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவு.

```
Je mange du poulet.
Je mange un poulet.
```

முதலாவது ‘கோழி சாப்பிடுகிறேன்’. தட்டில் இரண்டு துண்டு இருக்கலாம், பத்து துண்டும் இருக்கலாம். இரண்டாவது ‘ஒரு கோழி சாப்பிடுகிறேன்’, தலை முதல் கால் வரை முழுசாக. ஆகவே உங்கள் மாணவிகளிடம் ‘கொஞ்சம்’ என்று மொழிபெயர்க்கவே சொல்லாதீர்கள். தமிழில் பெயர்ச்சொல்லுக்கு முன் ஒன்றுமே வராமல், வினை சாப்பிடு, குடி, வாங்கு என்று வந்தால் ‘த்யு’ வகை. பிடிக்கும், பிடிக்காது என்று வந்தால் ‘ல’ வகை, ஏனென்றால் காபி என்ற இனம் முழுவதையுமே பிடிக்கிறது, அதில் ஒரு பங்கை அல்ல.

என் யோசனை ‘கூறடை’. பெயரடை, வினையடை மாதிரி முன்னால் ஒட்டி நிற்கும் அடை. தம்பியின் ஆட்சேபம் நியாயம்தான். ஆனால் பிரெஞ்சுப் பெயரிலேயே பங்கு என்ற பொருள் இருக்கிறது. பின்லாந்தின் பின்னிய மொழியில் இதே பெயரில் ஒரு வேற்றுமையே உண்டு. அதற்கும் ‘கூறு வேற்றுமை’ என்று இழுத்துக்கொண்டு போகலாம்.

நகரியிலிருந்து

சாப்பாட்டுப் பாடத்தில் அடையா? பிள்ளைகள் அவியல் கேட்பார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து

‘பகுதி’யை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வகுப்பில் முதலில் தேவைப்படுவது ‘அளவு சொல்லவில்லை’ என்ற கருத்து, பங்கு அல்ல. செங்கோட்டையாரே சற்று முன் அதைத்தானே மெனக்கெட்டு நிறுவினார்? பிறகு பெயரில் மட்டும் பங்கு எதற்கு? ‘அளவுகூறா அடை’ என்றால் கொஞ்சம் நீளம், ஆனால் பெயரே பாடம் நடத்திவிடும். ‘கூறா’வில் ‘கூறு’ம் ஒளிந்திருக்கிறது, அவருக்கும் திருப்தி.

செங்கோட்டையிலிருந்து

இப்படி மடக்குவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் ஒரு முடிச்சு பாக்கி. பன்மை ‘தே’யை என்ன செய்வது? ‘தே ஸெ’, அதாவது முட்டைகள், எண்ணக்கூடியவை. அங்கே ‘தே’ என்பது ‘ஒரு’வின் பன்மைதான் என்று பல இலக்கணக்காரர்கள் சொல்வார்கள். பசலைக்கீரை பிரெஞ்சில் உணவாக வரும்போது வழக்கமாகப் பன்மை, ‘தேஸெப்பினார்’. அதை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை, அங்கே ‘தே’ நம் கட்சி. ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு. பெயர் எதுவானாலும் நான் ‘தே’யைப் பாதி வெளியே வைத்தே எழுதுவேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. முட்டையை ‘ஒரு’ பாடத்துக்குத் தள்ளிவிட்டேன், கீரையை இந்தப் பாடத்திலேயே வைத்துக்கொள்கிறேன். தலைப்பில் ‘அளவுகூறா அடை’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன், பக்கத்திலேயே ‘கூறடை’யும் இருக்கிறது.

இன்று அதே மாணவியிடம் பயிற்சி கொடுத்தேன். ‘கொஞ்சம்’ என்ற சொல்லையே எடுக்கவில்லை. முதல் இரண்டும் சரியாக வந்தன. மூன்றாவதாகப் பால் ஊற்றிய, சர்க்கரை போடாத காபி என்று சொல்லச் சொன்னேன். இப்படி எழுதினாள்:

```
du café avec du lait, sans du sucre
```

‘அவெக்’ பக்கம் சரி. ‘ஸான்’ வந்தால் ‘த்யு’வும் கிடையாது, ‘த’வும் கிடையாது, வெறும் ‘ஸான் சுக்ர்’ என்றேன். “இல்லாதது எப்படி அளவு இல்லாம இருக்கும், அப்ப ஒண்ணுமே வேண்டாம்ல?” என்று அவளே சொல்லிக்கொண்டு அடித்துத் திருத்தினாள். அப்படியானால் எதிர்மறையில் மட்டும் அந்த ‘த’ ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று அடுத்த கேள்வியும் கேட்டாள். செங்கோட்டை ஐயா, நாளை சாயங்காலத்துக்குள் பதில் போட்டால் நல்லது.