ஏசிக்கு ஏஎம்சி, அதான் வருஷ சர்வீஸ் கான்ட்ராக்ட், போடலாமா, இல்ல கூப்பிடுறப்ப காசு கொடுத்தா போதுமா? உங்க அனுபவம் சொல்லுங்க

உப்புக்காத்து, திருவான்மியூர்
ஒன்றரை டன் ஸ்ப்ளிட், வாங்கி 6 வருஷம். போன வருஷம் 4,800 கட்டி காம்ப்ரிஹென்சிவ் போட்டேன், கேஸும் அதுலயே அடக்கம்னு ஃபோன்ல சொன்னாங்க. மே மாசம் கூலிங் போச்சு. வந்த தம்பி இன்டோர் கவரைக் கழட்டி டார்ச் அடிச்சு காயில் ஓரத்துல எண்ணெய்ப் பிசுக்கு காமிச்சாரு, "சார் இங்கதான் லீக், காயில் மாத்தினாதான் கேஸ் போடுவோம், காயில் கான்ட்ராக்ட்ல வராது"ன்னாரு. பேப்பரத் திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல துருப்பிடிச்ச காயில் கிடையாதுன்னு இருக்கு. கேஸ் இலவசம், ஆனா கேஸ் போறதுக்கான காரணம் இலவசம் இல்ல! காயிலுக்கு 9,500 தனியா அழுதேன்.

மாடிவீடு
நான் ஏஎம்சி பக்கமே போறதில்ல. விசிட்டுக்கு 600, வருஷத்துக்கு 2 தடவ, ஃபில்டர் நானே கழுவிடுவேன். வருஷா வருஷம் கேஸ் கொஞ்சம் கொறையும்ல, அதுக்கு மட்டும் 2,500 எடுத்து வச்சிருப்பேன்.

பழைய மெக்கானிக்
மாடிவீடு அக்கா, யாரு சொன்னா கேஸ் கொறையும்னு? அது பெட்ரோல் இல்லக்கா, எரிஞ்சு தீர்றதுக்கு. குழாய் மூடின குழாய், கொறஞ்சா எங்கயோ ஓட்டைனு அர்த்தம். வருஷா வருஷம் 2,500 கொடுத்தீங்கன்னா அந்த ஓட்டைக்குத்தான் சம்பளம் கொடுக்குறீங்க. 18 வருஷம் இந்த வேலை பாத்தவன் சொல்றேன், அடுத்த தடவ ஆள் வந்து கேஸ் கம்மின்னா முதல்ல எங்க லீக்குன்னு கேளுங்க, ஃப்ளேர் நட்டுலயும் காயில்லயும் சோப்புத் தண்ணி தடவி நுரைக்குமிழ் வருதான்னு காமிக்கச் சொல்லுங்க, அடைச்சப்புறம் நைட்ரஜன் ஏத்தி ப்ரஷர் நிக்குதான்னு பாக்கணும், அப்புறம் வேக்கம் பம்ப் போட்டு ஒரு இருபது நிமிஷமாவது உள்ள இருக்குற காத்த இழுக்கணும், அதுக்கப்புறம்தான் கேஸ். பையில பம்பே இல்லாம சிலிண்டர் மட்டும் தூக்கிட்டு வந்தா அப்பவே தெரிஞ்சுக்கலாம். உப்புக்காத்து சார், கடலோரத்துல காயில் அரிக்கிறது சகஜம், காயிலும் பிசிபி போர்டும் உண்டுன்னு எழுத்துல கொடுத்தா மட்டும் ஏஎம்சி போடுங்க.

கோவை குமார்
எங்க வீட்டு வாட்டர் ப்யூரிஃபையருக்கும் இதே கூத்துதான், மெம்பரேன் தனியாம்.

சிட்லபாக்கம்வாசி
அவரு ஏசி கேக்குறாரு குமார். எனக்கு லேபர் மட்டும் உள்ள ஏஎம்சி, 2,000க்கு 4 சர்வீஸ். மூணாவது தடவ வந்தவரு செருப்பு கழட்டுறதுக்கு முன்னாடியே "ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்க மேடம்"ன்னாரு. சொல்லிட்டேன். ஃபில்டர மட்டும் குழாயடில காமிச்சிட்டு பத்தே நிமிஷத்துல கிளம்பிட்டாரு, அவுட்டோர் மொட்டமாடில இருக்கு, படியே ஏறல. ஃபோன் பண்ணா சர்வீஸ் முடிஞ்சதா காட்டுதுன்றாங்க.

மாடிவீடு
அதான் சொல்றேன், காசு நம்ம கையில இருந்தா ஜெட் பம்ப் போட்டு கழுவினப்புறம் கொடுக்கலாம். மெக்கானிக் தம்பி, ஆனா 3 வருஷமா டாப் அப் பண்ணா நல்லாதானே ஓடுது?

பழைய மெக்கானிக்
ஓடும்க்கா. அடுத்த ஏப்ரல் வரைக்கும்.